‘காஃப்கா – சிக்கல் அதிகம்’: ஒரு ஸ்லைடு வரி சொல்லாமல் விட்டது

எங்கள் டீமின் பழைய ஸ்லைடு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. தலைப்பு, ‘வேலை வரிசைக்கு எதை எடுக்கலாம்?’ அதன் கீழே மூன்றே வரிகள்.

காஃப்கா – சிக்கல் அதிகம்
ராபிட்எம்கியூ – பராமரிப்புச் சுமை
டேட்டாபேஸ் டேபிள் – எளிது ✓

இந்த ஸ்லைடை வைத்துக்கொண்டு ஆறு பேர் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினோம். ஆர்டர் பதிவானதும் ரசீது தயாரிக்க வேண்டும், மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அந்த வேலைகளை எங்கே வரிசையில் நிறுத்துவது என்பதுதான் கேள்வி. காஃப்காவும் ராபிட்எம்கியூவும் ஒரு நிரலின் செய்திகளை வாங்கிவைத்து இன்னொரு நிரலுக்குக் கொடுக்கும் தனி மென்பொருள்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிலேயே `jobs` என்று ஒரு டேபிள் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தோம். நல்ல முடிவு. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து அந்த அறையில் இருந்தவர்களில் நான் மட்டும்தான் மிச்சம், அதுவும் வேறு ப்ராஜெக்ட்டில். அந்த நிரலைப் பார்த்துக்கொள்ள வந்த புதிய டீம் ஸ்லைடைத் தேடி எடுத்துப் பார்த்தது. ‘எளிது’ என்ற சொல்லிலிருந்து அவர்கள் என்ன புரிந்துகொண்டிருப்பார்கள்? ஆரம்பத்தில் அவசரத்துக்கு டேபிளில் போட்டிருக்கிறார்கள், இப்போது வளர்ந்துவிட்டோம், முறையான ஒரு க்யூவுக்கு மாறலாம் என்று. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ராபிட்எம்கியூவுக்கு மாற்றினார்கள். வேலையைச் சுத்தமாகவே செய்தார்கள்.

அடுத்த சில வாரங்களில் வாடிக்கையாளர்களிடமிருந்து புகார்கள் வந்தன. பணம் கட்டியாகிவிட்டது, ஆர்டர் பதிவாகியிருக்கிறது, ரசீது மட்டும் வரவில்லை. தினமும் இல்லை, எப்போதாவது ஒன்றிரண்டு. லாகில் ஒரு பிழைகூட இல்லை. கடைசியில் ஆர்டர் எண்ணிக்கையையும் ரசீது எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. புதிய பதிப்பை ஏற்றிய நேரங்களில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. நிரல் முதலில் ஆர்டரை டேட்டாபேஸில் கமிட் செய்கிறது, அப்புறம் க்யூவுக்குச் செய்தி அனுப்புகிறது. இரண்டுக்கும் நடுவில் அந்த ப்ராசஸ் நிறுத்தப்பட்டால் ஆர்டர் இருக்கும், செய்தி இருக்காது. வரிசையை மாற்றி முதலில் செய்தி, பிறகு கமிட் என்று வைத்துப் பார்த்தார்கள். இப்போது செய்தியை எடுத்து வேலையைச் செய்யும் வொர்க்கர் நிரல் ஆர்டரைத் தேடும்போது அது இன்னும் கமிட் ஆகவில்லை, ‘அப்படி ஒரு ஆர்டரே இல்லை’ என்று விழுந்தது.

இரண்டு தனித்தனி இடங்களில் எழுதும்போது இரண்டும் சேர்ந்து நடக்கும் அல்லது இரண்டும் நடக்காது என்ற உறுதி கிடைக்காது. நாங்கள் டேபிளைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் முதல் காரணம். ஆர்டரும் வேலையும் ஒரே ட்ரான்சாக்‌ஷனில் பதிவாக வேண்டும். அந்த மீட்டிங்கில் இதைப் பற்றி மட்டும் இருபது நிமிடமாவது பேசியிருப்போம். ஸ்லைடில் அது இல்லை. பக்கத்தில் ஒருவர் நின்று பேசுவார் என்று நம்பித்தான் ஸ்லைடு போடுகிறோம், பேசியவர் போனதும் காரணமும் அவரோடு போய்விடுகிறது.

நிரலைப் பழையபடி டேபிளுக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே அந்த மீட்டிங்கின் ஸ்லைடுகளை எல்லாம் ஒரு வடிவமைப்பு ஆவணமாக எழுதித்தரும்படி என்னிடம் கேட்டார்கள். நான் முதலில் செய்தது தப்பு. ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பையும் உபதலைப்பாக்கி, வரிகளைக் கொஞ்சம் நீட்டி ஒரு கோப்பில் போட்டேன். படித்த தோழி ஒருவர் கேட்டார், “இது ஸ்லைடுதானே, பக்கம் பக்கமாக நீட்டியிருக்கீங்க. சிக்கல் அதிகம்னா யாருக்குச் சிக்கல், எதோட ஒப்பிட்டா அதிகம்?”

அந்த இரண்டு கேள்விகளையும் அன்றிலிருந்து பிடித்துக்கொண்டேன். ஸ்லைடில் உள்ள ஒவ்வொரு வரியையும் எழுவாயும் வினையும் உள்ள முழு வாக்கியமாக்கி, அதில் ஒரு ‘ஏனென்றால்’ வைக்க வேண்டும். வைக்க முடியவில்லை என்றால் அந்த வரிக்குப் பின்னால் எதுவும் இல்லை, அல்லது இருந்ததை மறந்துவிட்டோம். ‘காஃப்கா – சிக்கல் அதிகம்’ என்பது ஆவணத்தில் இப்படி ஆனது:

“காஃப்காவை எடுக்கவில்லை. ஒரே நிகழ்வைப் பல டீம்கள் தனித்தனி வேகத்தில் படிக்கவும், பழையதைத் திரும்பப் படிக்கவும் அது நன்றாக உதவும். ஆனால் ஆர்டர் நிகழ்வை இன்று படிப்பது ஒரே ஒரு டீம். உச்ச நேரத்திலும் நொடிக்கு 40 வேலைகளைத் தாண்டவில்லை (அளந்தது). காஃப்காவை நடத்திய அனுபவம் டீமில் யாருக்கும் இல்லை, வெளியீட்டுக்கு ஆறு வாரமே இருந்தது.”

கடைசி வாக்கியத்தை எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆட்களின் அனுபவமும் கெடுவும் தொழில்நுட்பக் காரணமாகத் தெரியாது. ஆனால் முடிவில் அவற்றுக்குப் பங்கு இருந்தது. சீக்கிரம் மாறிவிடக்கூடிய காரணங்களும் அவைதான். அவற்றை மறைத்து, கௌரவமான காரணங்களை மட்டும் எழுதினால், பின்னால் வருபவர் தவறான இடத்தில் வாதாடுவார். டீமில் காஃப்கா தெரிந்த இருவர் சேர்ந்ததும் இந்தக் காரணம் விழுந்துவிட்டது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

நிராகரித்த வழிகளை எழுதும்போது இன்னொன்றும் பார்க்கிறேன். அந்த வழியை ஆதரித்தவர் படித்தால், ‘ஆமாம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் மீட்டிங்கில் ஒருவர் ராபிட்எம்கியூவையே விடாமல் பேசினார். கமிட் சிக்கல் அவருக்கும் தெரியும். அதற்கு அவர் சொன்ன தீர்வு அவுட்பாக்ஸ் முறை. செய்தியை முதலில் அதே ட்ரான்சாக்‌ஷனில் ஒரு டேபிளில் எழுதுவது, பிறகு இன்னொரு சிறு நிரல் அதை எடுத்து க்யூவுக்குத் தள்ளுவது. சரியான யோசனை. நாங்கள் அதை விட்டதற்குக் காரணம், எப்படியும் ஒரு டேபிள் வைத்து அதைப் படிக்க ஒரு நிரலும் எழுதப்போகிறோம் என்றால், அந்த நிரலே வேலையையும் செய்துவிடலாமே என்பதுதான். இது ஸ்லைடில் ‘பராமரிப்புச் சுமை’ என்று ஒற்றைச் சொல்லாகச் சுருங்கியிருந்தது. புதிய டீம் இந்த ஒரு பத்தியைப் படித்திருந்தால், ராபிட்எம்கியூவுக்குத்தான் மாறுவேன் என்று நின்றிருந்தாலும் அவுட்பாக்ஸோடு மாறியிருப்பார்கள், ரசீது தொலைந்திருக்காது.

தேர்ந்தெடுத்த வழிக்கும் அதே நியாயம் வேண்டும். ‘எளிது’ என்ற சொல்லை முழுதாக எடுத்துவிட்டேன். டேபிளை வரிசையாகப் பயன்படுத்துவது சரியாக நடப்பது கீழே உள்ள கடைசி வரியால்தான்.

```sql
SELECT id, payload FROM jobs
WHERE status = 'pending'
ORDER BY id
LIMIT 10
FOR UPDATE SKIP LOCKED;
```

வேறொரு வொர்க்கர் பிடித்துவைத்திருக்கும் டேபிள் ரோக்களுக்காகக் காத்திருக்காமல் அடுத்ததை எடுக்கச் சொல்வது `SKIP LOCKED`. போஸ்ட்கிரெஸில் இது 9.5 பதிப்பில், 2016இல் வந்தது. இல்லாவிட்டால் நான்கு வொர்க்கர்களும் ஒரே பத்து வேலைகளுக்காக ஒருவர் பின்னால் ஒருவர் நிற்க வேண்டியிருக்கும். விலையும் உண்டு. ஒவ்வொரு வேலையும் முடிந்து புதுப்பிக்கப்படும்போதும் அழிக்கப்படும்போதும் பழைய பிரதி டேபிளில் செத்த ரோவாகக் கிடக்கும், போஸ்ட்கிரெஸின் துப்புரவு வேலையான வேக்கம் வந்துதான் அதைத் துடைக்க வேண்டும். எங்கோ ஒரு ரிப்போர்ட் மணிக்கணக்காக ஒரே ட்ரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்திருந்தால் வேக்கத்தால் துடைக்க முடியாது, டேபிள் ஊதும், வரிசை மெதுவாகும். ஸ்லைடில் ✓ போட்ட வரிக்கு எதிராக ஒரு சொல்கூட இல்லை. ஆவணத்தில் இதற்கு ஒரு பத்தி முழுதாகக் கொடுத்தேன்.

எண்கள் விஷயத்தில் கறாராக இருப்பது நல்லது. நொடிக்கு 40 என்பதை அப்போதைய கிராஃபில் பார்த்து உறுதிசெய்ய முடிந்தது, அதனால் ‘அளந்தது’ என்று போட்டேன். ‘மூன்று மடங்கு வளர்ந்தாலும் தாங்கும்’ என்று இன்னொரு ஸ்லைடில் இருந்ததை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அதற்கு ‘ஊகம்’ என்று போட்டேன். இரண்டு வருடம் கழித்து எழுதியதால், மீட்டிங் பேச்சிலிருந்து வந்த பத்திகளின் தலையில் ‘நினைவிலிருந்து எழுதியது’ என்றும் குறித்தேன். தாமதமாக எழுதும்போது, நடந்ததை வைத்து அழகான காரணத்தைப் பின்னால் கட்டிவிட மனது துடிக்கும். இப்போதெல்லாம் மீட்டிங் முடிந்து இரண்டு நாளுக்குள் எழுதிவிடச் சொல்கிறேன். அதிலும் ஸ்லைடுகளைத் தொடுவதற்கு முன்னால், மீட்டிங்கில் யார் என்ன கேள்வி கேட்டார்கள் என்பதை எழுதிவிட வேண்டும். நிராகரித்த வழிகளில் பாதி அந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கும்.

முடிவுகளைப் பதியும் இப்படிப்பட்ட ஆவணத்தின் வடிவத்துக்கு நிறைய அச்சுகள் உண்டு. மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011இல் முன்வைத்த சிறிய வடிவம் பரவலாகப் பயன்படுகிறது: தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள். அதில் நிராகரித்த வழிகளுக்கென்று தனிப் பகுதி கிடையாது. நாங்கள் அதைச் சேர்த்துக்கொண்டோம். கூடவே ‘எப்போது இதைத் திரும்பத் திறக்கலாம்’ என்று ஒரு பகுதியும். இந்தப் பகுதியில் ‘தேவைப்பட்டால்’ என்று எழுதினால் பயனில்லை. பார்த்தால் ஆம் இல்லை என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நான் இரண்டு எழுதினேன். ஒன்று, வேலைகள் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருப்பது ஒரு வாரம் தொடர்ந்தால். இரண்டு, ஆர்டர் நிகழ்வை இன்னொரு டீமும் படிக்க வேண்டிவந்தால்.

ஆவணம் மொத்தம் இரண்டரைப் பக்கம். நிரல் இருக்கும் ரெப்போவிலேயே `docs/decisions/0007-job-queue.md` என்று வைத்தோம், டேபிளைப் படிக்கும் நிரலின் முதல் வரியில் அந்தப் பெயரைக் குறிப்பாகவும் எழுதினோம். மீட்டிங்கில் இல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, “ராபிட்எம்கியூவுக்கு மாற்றலாமா?” என்று கேட்டேன். “மாத்தலாம், ஆனா ட்ரான்சாக்‌ஷனுக்கு என்ன செய்யப்போறீங்க?” என்று திருப்பிக் கேட்டார். அதன் பிறகுதான் ‘ஏற்கப்பட்டது’ என்று நிலையை மாற்றினேன்.

அடுத்த வருடம் இரண்டாவது நிபந்தனை வந்தது. ஆய்வு டீமுக்கு ஆர்டர் நிகழ்வுகள் வேண்டியிருந்தன, பழையதையும் திரும்பப் படிக்க வேண்டும் என்றார்கள். 0007ஐத் திறந்து வைத்துக்கொண்டு பேசினோம். அனுபவம் இல்லை என்ற காரணம் இப்போது இல்லை, கெடுவும் இல்லை. ஒரே ட்ரான்சாக்‌ஷன் என்ற காரணம் மட்டும் அப்படியே நின்றது. அதனால் `jobs` டேபிளுக்குப் பக்கத்தில் ஓர் அவுட்பாக்ஸ் டேபிள் வந்தது, அதிலிருந்து ஒரு சிறு நிரல் காஃப்காவுக்குத் தள்ளுகிறது. அந்த முடிவை 0019 என்று தனியாக எழுதினோம். 0007இல் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை, நிலை என்ற இடத்தில் மட்டும் ஒரு வரி சேர்ந்தது: ‘ரசீது, மின்னஞ்சலுக்கு இந்த முடிவு இன்னும் செல்லுபடியாகும். மற்ற டீம்களுக்கு 0019 பார்க்க.’