“பேமென்ட் ஃபெயில்” என்று வந்தால் உடனே கார்டை முடக்குங்கள்

இங்கிலாந்தில் ஒரு வங்கியின் கார்டு மோசடிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கார் பார்க்கில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி ஏமாந்தவர்களிடம் பேசிப் பேசியே பாதி நாள் போகிறது. அப்போதெல்லாம் எழுதத் தோன்றியதில்லை. போன வாரம் கோயிலில் தெரிந்த ஒரு அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, போனை நீட்டி, “தம்பி, அது ஃபெயில் எண்டுதானே வந்தது, காசு ஒண்டும் போகேல்லை, பிறகு எப்பிடி?” என்று கேட்டார். இதே கேள்வியை இன்னும் எத்தனை பேர்தான் கேட்கப் போகிறார்களோ என்று நினைத்ததும் அன்று இரவே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை, கடற்கரைப் பக்கம் ஒரு கார் பார்க், மழை, காருக்குள் இரண்டு பிள்ளைகள். மெஷின் காசை வாங்காமல் திருப்பித் துப்பிக்கொண்டே இருந்தது. அதன் முகப்பில், கட்டண விவரத்துக்குக் கீழே, உள்ளங்கை அளவில் பளபளப்பான ஒரு க்யூஆர் ஸ்டிக்கர். அக்கா ஸ்கேன் பண்ணினார். பக்கம் நன்றாகவே இருந்ததாம். கார் நம்பர் கேட்டது, எத்தனை மணி நேரம் என்று கேட்டது, 4.20 பவுண்ட் என்று காட்டியது. அடுத்து பெயர், முகவரி, பிறந்த தேதி, மொபைல் நம்பர், கார்டு நம்பர், பின்பக்கத்து மூன்று எண். கொஞ்ச நேரம் சுற்றியது. போனுக்கு ஒரு கோட் வந்தது, அதையும் போட்டார். “பேமென்ட் ஃபெயில், வேறு கார்டு முயற்சி செய்யவும்” என்று வந்தது. கணவரின் கார்டை வாங்கிப் போட்டார். அதற்கும் ஃபெயில். சரி, நெட்வொர்க் சரியில்லை என்று விட்டுவிட்டு, தள்ளி இருந்த இன்னொரு மெஷினில் சில்லறை போட்டு டிக்கெட் எடுத்தார்.

அவருக்கு அந்த விஷயம் அத்தோடு முடிந்துவிட்டது. மோசடிக்காரனுக்குத் தேவையானது எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

திரும்பத் திரும்பச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த 4.20 பவுண்டை எடுக்க அவன் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. அந்தப் பக்கத்துக்கும் உங்கள் வங்கிக்கும் தொடர்பே கிடையாது. நீங்கள் தட்டச்சு செய்வது வங்கிக்குப் போகவில்லை, அவன் திரையில் போய் விழுகிறது. “ஃபெயில்” என்பதும் வங்கி சொன்னது இல்லை, அவன் எழுதி வைத்த வாசகம். அதில் அவனுக்கு இரண்டு லாபம். ஒன்று, பலர் இரண்டாவது கார்டையும் கொடுத்துவிடுகிறார்கள். ஒரே குடும்பத்தில் மூன்று கார்டு வரை கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, ஃபெயில் என்று வந்தால் நாம் வங்கிக் கணக்கைப் பார்ப்போம், பணம் குறைந்திருக்காது, நிம்மதியாகத் தூங்கிவிடுவோம். பணம் போனால்தானே வங்கிக்குக் கூப்பிடுவோம்? அந்த அழைப்பு வராமல் இருக்கத்தான் அவன் பணத்தை எடுக்காமல் விடுகிறான். அதனால், முன்பின் தெரியாத பக்கத்தில் கார்டு விவரம் முழுவதையும் போட்டு ஃபெயில் என்று வந்தால், பணம் போயிருந்தால் எவ்வளவு பதறுவீர்களோ அதே அளவு பதறுங்கள்.

இப்போது அந்தக் கோட். அக்காவின் போனில் அந்த மெசேஜ் அப்படியே இருந்தது. அவரையே படிக்கச் சொன்னேன். உங்கள் கார்டை ஆப்பிள் பே-யில் சேர்ப்பதற்கான கோட் இது, யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று இருந்தது. 4.20 பவுண்ட் என்றோ பார்க்கிங் என்றோ அதில் ஒரு வார்த்தை இல்லை. படித்து முடித்ததும் அக்கா பேசவே இல்லை. அன்று மழையில் அவர் ஆறு எண்களை மட்டும்தான் பார்த்திருக்கிறார். எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறோம்.

அந்த இரண்டு நிமிடமும் மறுமுனையில் ஒருவன் உட்கார்ந்து, நீங்கள் போடும் கார்டு நம்பரைத் தன் போனின் வாலட்டில், அதாவது ஆப்பிள் பே மாதிரி போனைத் தட்டிக் காசு கட்டும் வசதியில், ஏற்றிக்கொண்டிருக்கிறான். உண்மையிலேயே கார்டுக்காரர்தானா என்று சரிபார்க்க வங்கி உங்களுக்குக் கோட் அனுப்புகிறது. அதையும் நீங்களே அவன் பக்கத்தில் போட்டுக் கொடுக்கிறீர்கள். அவ்வளவுதான், உங்கள் கார்டு இப்போது அவன் போனில். பிளாஸ்டிக் கார்டைத் தட்டினால் ஒரு தொகைக்கு மேல் போகாது, பின் நம்பர் கேட்கும். போனில் தட்டும்போது அந்த வரம்பு பொதுவாகக் கிடையாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கார்டில் இரண்டு கடைகளில் 1,140 பவுண்டுக்கு எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்கப்பட்டிருக்கிறது. கார்டு அவர் பர்ஸில்தான் இருந்தது.

கொடுமை இதற்குப் பிறகுதான். புதன்கிழமை மாலை ஒரு அழைப்பு, “வங்கியின் மோசடிப் பிரிவிலிருந்து பேசுகிறோம்” என்று. பெயர், முகவரி, பிறந்த தேதி, கார்டின் கடைசி நாலு எண், சனிக்கிழமை எந்த ஊரில் கார் நிறுத்தினார் என்பது வரை சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கார் பார்க்கில் உங்கள் கார்டு திருடப்பட்டுவிட்டது, ஞாயிற்றுக்கிழமை 1,140 பவுண்ட் போயிருக்கிறதே பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். ஆப்பைத் திறந்து பார்த்தால் உண்மைதான். அதோடு முழு நம்பிக்கை வந்துவிட்டது. மிச்சப் பணத்தைப் “பாதுகாப்பான கணக்குக்கு” மாற்றச் சொன்னார்கள். அக்கா தன் கையாலேயே 2,900 பவுண்ட் மாற்றினார். அந்தத் தகவல் எல்லாம் பார்க்கிங் பக்கத்தில் அவரே எழுதிக் கொடுத்தது. யோசித்துப் பாருங்கள், கார் நிறுத்த எதற்குப் பிறந்த தேதி?

இது அக்காவுக்கு மட்டும் நடந்ததில்லை. 2023-ல் வடகிழக்கு இங்கிலாந்தில் தோர்னபி ரயில் நிலையக் கார் பார்க்கில் போலி க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணிய 71 வயதுப் பெண்ணுக்கும் இதே வரிசைதான். முதலில் கார்டு விவரம், பிறகு வங்கிக்காரர் மாதிரி ஒரு அழைப்பு. கடைசியில் அவர் பெயரில் 7,500 பவுண்ட் கடன் வரை எடுத்துவிட்டார்கள், மொத்தம் 13,000 பவுண்ட். அதற்குப் பிறகு அந்த ரயில் நிறுவனம் தன் கார் பார்க்குகளிலிருந்து க்யூஆர் கோடுகளையே எடுத்துவிட்டது.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்கும் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் டீக்கடையில் ஸ்கேன் பண்ணிப் பழகிய கை இங்கேயும் தானாகவே போனைத் தூக்குகிறது. இரண்டும் ஒன்று இல்லை. அங்கே கடையின் க்யூஆர் கோடுக்குள் இருப்பது இந்த மாதிரி:

```
upi://pay?pa=kadai@bank&pn=Kadai
```

அது பணம் அனுப்பும் ஆப்பைத்தான் திறக்கும், யாருக்குப் போகிறது என்று பெயரைக் காட்டும், பின் நம்பரை ஆப்புக்குள்தான் போடுவீர்கள். அங்கேயும் கடைக்காரர் ஸ்டிக்கர் மேல் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் பெயரைப் படித்தால் பிடிபட்டுவிடும், போனாலும் அந்த ஒரு தொகைதான் போகும். இங்கே கார் பார்க்கில் இருக்கும் க்யூஆர் கோடு பெரும்பாலும் வெறும் ஒரு இணைய முகவரி. எவன் வேண்டுமானாலும் பத்து நிமிடத்தில் அச்சடிக்கலாம். அந்த முகவரியில் பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்பார்கள். பூட்டு இருந்தால், நீங்கள் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான் அர்த்தம். திருடன் வீட்டுக் கதவிலும் பூட்டு உண்டு.

முகவரியைப் படிக்கவும் ஒரு முறை இருக்கிறது. கேமராவை நீட்டியதும் முகவரி சின்னதாகத் தெரியும், உடனே தட்டாதீர்கள். https:// என்பதைத் தாண்டி வரும் முதல் சாய்கோட்டைப் பிடித்து, அங்கிருந்து இடது பக்கமாகப் படியுங்கள்.

```
https://ringgo.co.uk.parkpay.example/pay
```

பார்த்ததும் ரிங்கோ என்ற பார்க்கிங் ஆப் மாதிரி தெரியும். இடது பக்கமாகப் படித்தால் சொந்தக்காரர் parkpay.example, முன்னால் இருப்பது வெறும் அலங்காரம். ஆனால் மழையில் நின்றுகொண்டு யாரும் இப்படிப் படிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் வீட்டில் வைத்திருக்கும் விதி வேறு: பார்க்கிங்குக்கு ஸ்கேன் பண்ணுவதே இல்லை. பார்க்கிங் ஆப்பை ஆப் ஸ்டோரிலிருந்து முன்னாலேயே இறக்கி, கார்டைச் சேர்த்து வைத்துவிடுங்கள். பலகையில் அந்த இடத்துக்கான எண் எழுதியிருக்கும், அதை ஆப்பில் போட்டால் போதும். போட்டதும் இடத்தின் பெயர் ஆப்பில் வரும், பலகையோடு ஒத்துப் பாருங்கள்.

சாப்பாட்டுக் கடை மேசையில் மெனு பார்க்க ஸ்கேன் பண்ணுவதில் எனக்குப் பெரிய கவலை இல்லை. காசு கட்டச் சொன்னால் மட்டும் சர்வரைக் கூப்பிட்டு கார்டு மெஷின் கொண்டுவரச் சொல்லுங்கள். சுவரொட்டியில் இருப்பதில் காசு கட்டவே கட்டாதீர்கள்.

ஏற்கனவே விவரம் போட்டுவிட்டீர்களா? விடிந்ததும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். வங்கி ஆப்பில் கார்டை உடனே ஃப்ரீஸ் பண்ணுங்கள், பிறகு 159-க்கு அடியுங்கள், இங்கே பெரும்பாலான வங்கிகளுக்கு அது நேரே இணைக்கும். அந்த எண்ணிலிருந்து உங்களுக்கு அழைப்பு வந்தால் அதுவும் மோசடிதான், 159 யாரையும் கூப்பிடாது. வங்கியிடம் “புது கார்டு கொடுங்கள்” என்பதோடு நிறுத்தாமல், “என் கார்டு எந்தெந்தப் போன் வாலட்டில் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள், எல்லாவற்றையும் நீக்குங்கள்” என்று சொல்லுங்கள். கார்டு மாறினாலும் வாலட்டில் இருப்பது சில நேரம் புது கார்டுக்குத் தானாக மாறிக்கொள்ளும், பலருக்கு இது தெரியாது. சின்னத் தொகை ஒன்று போயிருந்தால் மாதாமாதம் பிடிக்கிற சந்தாவாக அது இருக்கலாம், அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். கொடுத்த கார்டு எத்தனையோ அத்தனைக்கும் இதைச் செய்ய வேண்டும். அக்கா கணவரின் கார்டைப் பற்றி வங்கியிடம் சொல்லவே இல்லை, கோயில் வாசலில் நின்றுதான் அதை முடக்கினோம்.

பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்பீர்கள். கடைகளில் போன 1,140 பவுண்ட் அக்கா செய்யாத செலவு, அதை வங்கியிடம் திரும்பக் கேட்டிருக்கிறார். அவர் கையால் அனுப்பிய 2,900-க்கு வேறு விதி. 2024 அக்டோபர் 7-இலிருந்து, இப்படி ஏமாற்றப்பட்டு நாட்டுக்குள் வேறு கணக்குக்கு அனுப்பிய பணத்தை 85,000 பவுண்ட் வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும், 100 பவுண்ட் வரை பிடித்துக்கொள்ளலாம், 13 மாதத்துக்குள் கேட்க வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார் அக்கா. தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள், அன்றைக்கே சொன்னால் அந்தப் பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்த வாய்ப்பு உண்டு, நாலு நாள் கழித்து அங்கே ஒன்றும் இருக்காது.

அந்த ஸ்டிக்கரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். ஒரு மூலையில் நகத்தை விட்டதும் தோல் மாதிரி உரிந்து வந்தது. கீழே கவுன்சிலின் பழைய பலகை, அதில் க்யூஆர் கோடே கிடையாது, இடத்தின் எண் மட்டும்தான். படம் எடுத்து கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டு, பக்கத்து மூன்று மெஷினையும் பார்த்தேன். இரண்டில் அதே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.