44.5 ஏன் 44 ஆனது?

ரோஸ் ஹில்லில் சனிக்கிழமை தோறும் நடக்கும் தமிழ் வகுப்பில், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு தேர்வுகள் உண்டு. ஒன்று எழுத்து, ஒன்று வாய்மொழி. இரண்டுக்கும் நூறு மதிப்பெண். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, கடைசியில் ஒரு முழு எண்ணைப் பதிவேட்டில் எழுதுவோம். 45 எடுத்தால் தேர்ச்சி.

இத்தனை வருடங்களாகக் கையால் செய்த இந்தக் கணக்கை, பைத்தான் கற்கத் தொடங்கியிருந்த என் அக்கா மகள் இந்த முறை நிரலாக எழுதித் தந்தாள். சின்ன நிரல்தான்:

```python
def saraasari(a, b):
    return round((a + b) / 2)
```

எழுத்தில் 44, வாய்மொழியில் 45 வாங்கிய ஒரு பையனுக்கு நிரல் 44 என்று காட்டியது. நான் பதிவேட்டில் 45 என்று எழுதியிருந்தேன். அடுத்த வரியில் 45, 46 வாங்கிய பெண்ணுக்கு 46 வந்தது. அது சரியாகவே இருந்தது. "சித்தி, ஒருத்தனுக்குக் குறைக்குது, ஒருத்திக்குக் கூட்டுது. நான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன்," என்று அவள் அரை மணி நேரம் தன் நிரலையே புரட்டிக்கொண்டிருந்தாள். அவள் எதையும் தப்பாக எழுதவில்லை. பைத்தானைத் திறந்து தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தோம்:

```python
>>> round(0.5), round(1.5), round(2.5), round(3.5)
(0, 2, 2, 4)
```

வந்த விடைகள் எல்லாமே இரட்டை எண்கள். அதுதான் விதி. ஓர் எண் இரண்டு முழு எண்களுக்குச் சரியாக நடுவில் நின்றால், அந்த இரண்டில் எது இரட்டை எண்ணோ அதையே `round` எடுக்கிறது. 44.5க்குப் பக்கத்தில் 44, 45 இருக்கின்றன. இரட்டை 44, எனவே 44. 45.5க்குப் பக்கத்தில் 45, 46 இருக்கின்றன, எனவே 46. நடுவில் நில்லாத எண்களுக்கு இந்தப் பேச்சே இல்லை. 44.6 எப்போதும் 45தான், 44.4 எப்போதும் 44தான்.

பள்ளியில் நாம் கற்றது வேறு. பாதி என்றால் மேலே ஏற்று என்றார்கள். அது எளிய விதி, ஆனால் ஒரே பக்கம் சாயும் விதி. மேலே உள்ள நான்கு எண்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 0.5, 1.5, 2.5, 3.5 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 8. எல்லாவற்றையும் மேலே ஏற்றினால் 1, 2, 3, 4 என்று ஆகிக் கூட்டுத்தொகை 10 ஆகிவிடும். இரட்டை எண் விதிப்படி 0, 2, 2, 4. கூட்டினால் அதே 8.

எங்கள் வகுப்பு போன்ற இடத்தில் இந்தச் சாய்வு சிறியதல்ல. இரண்டு முழு எண்களின் சராசரி ஒன்று முழு எண்ணாக வரும், அல்லது சரியாகப் பாதியில் நிற்கும். மூன்றாவது வழி கிடையாது. ஆக, ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு அந்த .5 வந்துவிடும். 24 பேரில் 12 பேருக்கு அப்படி வந்தால், மேலே ஏற்றும்போது மொத்தம் 6 மதிப்பெண் எங்கிருந்தோ சேர்கிறது. வகுப்புச் சராசரி 0.25 உயர்கிறது. இரட்டை எண் விதியில் சிலருக்கு ஏறும், சிலருக்கு இறங்கும். நடுவில் நிற்கும் எண்களில் ஒற்றையும் இரட்டையும் ஏறக்குறையச் சமமாகக் கலந்திருந்தால், கூட்டலில் அந்தப் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். அப்படிக் கலந்திருக்காவிட்டால் இந்த விதியும் சாயத்தான் செய்யும்.

கணினிகள் தசமக் கணக்கில் ஒவ்வொரு கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் பிறகு விடையைச் சுருக்கியாக வேண்டும். கோடிக்கணக்கான முறை ஒரே பக்கம் சாய்ந்தால் பிழை குவியும். அதனால்தான் 1985இல் வந்த ஐஈஈஈ 754 தரநிலை, நடுவில் நிற்பவற்றுக்கு இரட்டையையே இயல்பான விதியாக வைத்தது. `round` பைத்தான் 3.0இலிருந்துதான், அதாவது 2008இலிருந்துதான், இப்படி நடக்கிறது. பைத்தான் 2இல் `round(2.5)` என்றால் 3.0 வரும். பழைய பாடநூலை வைத்துக் கற்பவர்கள் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். எக்செலில் உள்ள `ROUND` இன்றும் 2.5க்கு 3தான் தருகிறது. ஒரே பட்டியலை இரண்டிலும் போட்டுப் பார்த்தால், ஒத்துப்போகாத வரிகள் எல்லாம் .5 உள்ளவையாக இருக்கும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு இன்னொரு இடத்தில் இடறுவோம். என் அக்கா மகளும் இடறினாள்:

```python
>>> round(2.675, 2)
2.67
```

இரட்டை விதிப்படி பார்த்தால் 2.68 வந்திருக்க வேண்டும், ஏனென்றால் 7 ஒற்றை, 8 இரட்டை. 2.67 வந்ததற்குக் காரணம் இந்த விதியே அல்ல. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது. 2.675ஐ அப்படிச் சரியாக எழுத முடியாது. உள்ளே உண்மையில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம்:

```python
>>> from decimal import Decimal
>>> Decimal(2.675)
Decimal('2.67499999999999982236431605997495353221893310546875')
```

நடுவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது, அதனால் கீழே இறங்கியது. நடுவில் நிற்காத எண்ணுக்கு இரட்டை விதி வேலை செய்வதில்லை. .5, .25, .125 போன்றவை இரண்டின் அடுக்குகளிலிருந்து வருவதால், நாம் எழுதும் அளவிலான எண்களில் அப்படியே உள்ளே போகும். எனவே 44.5 உண்மையாகவே நடுவில் நிற்கிறது. சந்தேகம் வந்தால் `Decimal`ஐக் கேட்பதுதான் இரண்டு காரணங்களையும் பிரித்தறிய நான் அறிந்த நல்ல வழி.

சரி, அந்தப் பையனின் 44க்கு வருவோம். கூட்டுத்தொகைக்கு இரட்டை விதி நல்லது. ஆனால் ஒரு பிள்ளையின் மதிப்பெண் தனி ஆளுடையது. அதில் ஏற்படும் பிழையை இன்னொரு பிள்ளைக்கு ஏறியது ஈடுகட்டாது. அதோடு, 44.5 எடுத்தவனுக்கும் 45.5 எடுத்தவளுக்கும் ஒரு மதிப்பெண் வித்தியாசம் இரண்டாகிவிட்டது. மறுபக்கம் 49.5ம் 50.5ம் இரண்டுமே 50 ஆகிவிடும். பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நாங்கள் சொல்லியிருந்த விதி "பாதி என்றால் மேலே" என்பதுதான். எனவே இங்கே அதைத்தான் நிரல் செய்ய வேண்டும்.

இதற்குத் தசமமே தேவையில்லை. கூட்டிய பிறகு ஒன்றைச் சேர்த்து, மீதியை விட்டு வகுத்தால் போதும்:

```python
def saraasari(a, b):
    return (a + b + 1) // 2
```

44ம் 45ம் 89. ஒன்று சேர்த்தால் 90, பாதி 45. 44ம் 46ம் 90, ஒன்று சேர்த்தால் 91, மீதியை விட்டால் அதே 45. மதிப்பெண்கள் சுழியத்துக்குக் கீழே போவதில்லை என்பதால் இந்த வழி இங்கே பிசகாது. பணக்கணக்கு போலத் தசமம் வேண்டிய இடங்களில் `Decimal('2.675')` என்று மேற்கோள் குறிக்குள் எண்ணைக் கொடுத்து, `quantize`இல் `ROUND_HALF_UP` என்று சொல்ல வேண்டும். மேற்கோள் குறியை மறந்தால் மறுபடியும் அந்த 2.67499தான் உள்ளே போகும்.

மாற்றிய நிரலை ஓட்டினோம். 24 வரிகளும் பதிவேட்டோடு ஒத்துப்போயின. வகுப்புச் சராசரியை மட்டும் அவள் வேறு வரியில் எழுதினாள். முழு எண்ணாக்கிய மதிப்பெண்களைத் தொடாமல், எல்லாப் பிள்ளைகளின் இரண்டு தேர்வு மதிப்பெண்களையும் கூட்டி 48ஆல் வகுக்கிறாள்.