லேப்டாப்பை மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரருக்குக் கடிதம்: கோபத்தை விட ஜாப் ஷீட் பேசும்

ஆலங்குளம் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியர் போன ஆண்டு ஜனவரியில் என்னைப் பார்க்க வந்தார். கல்லூரியில் படிக்கும் மகளுக்காக 54,990 ரூபாய் கொடுத்து வாங்கிய லேப்டாப், மூன்றாவது மாதமே ஆன் ஆகவில்லை. கடையில் கேட்டால் "கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க சார்" என்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் மதர்போர்டை மாற்றித் தருகிறார்கள். இரண்டு மாதம் ஓடுகிறது, மறுபடி அணைந்துவிடுகிறது. கடைக்காரருக்கு அனுப்ப இரண்டு பக்கம் எழுதிக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

படித்துப் பார்த்தேன். மகள் பரீட்சை நேரத்தில் பட்ட பாடு, கடைப் பையன் மரியாதையில்லாமல் பேசியது, பஸ்ஸில் நான்கு முறை திருநெல்வேலிக்கு அலைந்தது எல்லாம் இருந்தது. எல்லாமே உண்மைதான், எனக்கும் வருத்தமாகவே இருந்தது. ஆனால் லேப்டாப்பின் சீரியல் நம்பர் இல்லை, பில் நம்பர் இல்லை, எந்தத் தேதியில் என்ன பழுது பார்த்தார்கள் என்பது இல்லை. முடிவாக என்ன வேண்டும் என்றும் இல்லை. "நல்ல தீர்வு தாருங்கள்" என்று முடித்திருந்தார். இப்படி எழுதினால் கடைக்காரர் "மறுபடி சர்வீஸுக்குக் கொடுங்கள், அதுதான் தீர்வு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்.

வாரண்டி அட்டையை எடுத்துப் படித்தால் பெரும்பாலும் "பழுது பார்த்துத் தருவோம் அல்லது மாற்றித் தருவோம், எது என்பதை நிறுவனமே முடிவு செய்யும்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அதனால் முதல் முறை கெட்டவுடனே வேறு லேப்டாப் கேட்டால் பல நேரம் கிடைப்பதில்லை. பழுது பார்க்கப் போதுமான வாய்ப்பு கொடுத்தோம், அதே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது என்று காட்ட வேண்டும். அதைக் காட்டும் காகிதம், என்ன கோளாறு, என்ன வேலை செய்தார்கள் என்று சர்வீஸ் சென்டரில் எழுதித் தரும் ஜாப் ஷீட். கடிதத்துக்கு வலு அதிலிருந்துதான் வருகிறது.

ஆசிரியரின் முதல் ஜாப் ஷீட்டில் "பவர் ஆன் ஆகவில்லை, மதர்போர்டு மாற்றப்பட்டது" என்று தெளிவாக இருந்தது. இரண்டாவதில் "பரிசோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது" என்று மட்டும்தான். போர்டை இரண்டாம் முறை மாற்றியதற்கு ஆதாரம் தற்செயலாகத்தான் கிடைத்தது: போனுக்கு வந்த குறுஞ்செய்தியில், உதிரிபாகம் வந்துவிட்டது என்று பாகத்தின் பெயரோடு இருந்தது. அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தோம். லேப்டாப்பைத் திரும்ப வாங்கும்போது கவுண்டரில் ஓடிபி கேட்பார்கள். புகார் தீர்ந்தது என்று கணினியில் மூடுவதற்கான எண் அது. ஆன் செய்து, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்து, செய்த வேலையை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்கிய பிறகு கொடுத்தால் போதும். ஆசிரியர் எதையும் பார்க்காமல் வாசலில் நின்றபடியே ஓடிபியைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

மூன்றாம் முறை கொடுக்கப் போகும் முன்பு நான் சொல்லி அனுப்பியது இரண்டுதான். லேப்டாப்பை ஆறு பக்கமும் படம் எடுங்கள். ஜாப் ஷீட்டில் "வெளிச்சேதம் இல்லை, மூன்றாம் முறையாக அதே கோளாறு" என்று எழுதச் சொல்லுங்கள். உள்ளே போன பிறகு "தண்ணீர் பட்டிருக்கிறது" என்று சொல்லி வாரண்டியை மறுத்த வழக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கொடுக்கும்போது என்ன நிலையில் இருந்தது என்று அவர்கள் கையாலேயே எழுதியிருந்தால் அப்படிச் சொல்வது கடினம்.

அப்புறம், கடிதம் ஏன் கடைக்காரருக்கு? பணம் வாங்கியவர், பில் போட்டவர் அவர். "நாங்கள் விற்பவர்கள் மட்டும்தான்" என்று அவர் சொன்னாலும், நுகர்வோர் ஆணையத்தில் கடையையும் தயாரிப்பு நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்தரப்பாகக் காட்டலாம். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தால் அதைக் கண்டு ஒதுங்க வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47), நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்கிறது.

நாங்கள் எழுதிய கடிதம் ஒரே பக்கம். ஆள், கடை, எண்களை மட்டும் நீக்கிவிட்டுத் தருகிறேன்:

"அனுப்புநர்: (பெயர், முகவரி, கைபேசி எண்)
பெறுநர்: உரிமையாளர், (கடையின் பெயர், முகவரி)
நாள்: 27-01-2025

பொருள்: வாரண்டி காலத்தில் மூன்று முறை பழுதான லேப்டாப்பை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா, தங்கள் கடையில் 14-06-2024 அன்று, பில் எண் ......, ரூ. 54,990 செலுத்தி, ...... மாடல் லேப்டாப் (சீரியல் எண் ......) வாங்கினேன். வாரண்டி ஓராண்டு, 13-06-2025 வரை உள்ளது.

02-09-2024 அன்று லேப்டாப் ஆன் ஆகாததால் சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்தேன். மதர்போர்டு மாற்றப்பட்டு 19-09-2024 அன்று திரும்பக் கிடைத்தது. அதே கோளாறு வந்ததால் 18-11-2024 அன்று மீண்டும் ஒப்படைத்து 04-12-2024 அன்று பெற்றேன். மூன்றாம் முறையாக 20-01-2025 அன்று ஒப்படைத்துள்ளேன். இன்னும் திரும்ப வரவில்லை. இதுவரை மொத்தம் 40 நாட்கள் லேப்டாப் சர்வீஸ் சென்டரிலேயே இருந்துள்ளது.

இரண்டு முறை பழுது பார்த்தும் அதே கோளாறு தொடர்வதால் மேலும் பழுது பார்ப்பதை ஏற்க இயலாது. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அதே மாடலில் அல்லது அதற்கு இணையான மாடலில் புதிய லேப்டாப் தரவும். இயலாவிட்டால் முழுத் தொகையையும் திருப்பித் தரவும். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிப்பேன்.

இணைப்பு: பில், வாரண்டி அட்டை, ஜாப் ஷீட்டுகள், குறுஞ்செய்தி நகல்.
நகல்: தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு."

இணைப்பில் எல்லாமே நகல்தான். அசல் பில்லை எக்காரணம் கொண்டும் கையை விட்டு அனுப்பக் கூடாது. சேர்ப்பித்ததற்கான சான்று கிடைக்கும்படி தபாலில் அனுப்பினோம். அதையே பிடிஎஃப் ஆக்கிக் கடையின் மின்னஞ்சலுக்கும் அனுப்பினோம். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பிவிட்டு இருப்பவர்களிடம் நான் தபாலிலும் போடச் சொல்வதுண்டு.

இங்கே ஒரு சங்கதி. கடிதம் எழுதிவிட்டோம், பதில் வரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆணையத்துக்குப் போகக் காலவரம்பு, வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். நீங்கள் மேலும் மேலும் கடிதம் போடுவதால் மட்டும் அது நீளாது. 15 நாள் முடிந்தும் அசைவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதிலும் நடக்கவில்லை என்றால் e-jagriti.gov.in வழியாக ஆணையத்தில் புகார் போடலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணமும் இல்லை.

ஆசிரியருக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஒன்பதாம் நாள் கடைக்காரரே போன் செய்தார். நிறுவனத்துக்குப் போன நகல்தான் வேலை செய்திருக்கிறது: அங்கிருந்து கடைக்குக் கேள்வி வந்திருக்கிறது. பழைய மாடல் நின்றுவிட்டதால் இணையான வேறு மாடல் தர ஒப்புக்கொண்டார்கள்.

புதிய பெட்டியை வாங்கப் போகும்போது நானும் கூடப் போனேன். பெட்டியின் மேலிருந்த சீரியல் நம்பரையும், லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்ததையும், விண்டோஸின் பவர்ஷெல்லில் கீழே உள்ள கட்டளையைக் கொடுத்து வந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தோம்.

```
Get-CimInstance Win32_BIOS | Select-Object SerialNumber
```

மூன்றும் ஒன்றாக இருந்தன. ஆனால் ஆசிரியர் கையில் இருந்த பில்லில் பழைய சீரியல் நம்பர்தானே இருக்கிறது? அதை வைத்து நாளைக்கு வாரண்டி கேட்டால் "இது வேறு மெஷின்" என்பார்கள். கடைக்காரரிடம் சொன்னதும், பில்லின் பின்பக்கம் புதிய எண்ணையும், மாற்றித் தந்த தேதியையும், வாரண்டி எந்தத் தேதி வரை என்பதையும் எழுதி, கடை முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். ஆசிரியர் அதை அங்கேயே போனில் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார்.