நடுப்பெறுமானத்தை 'இடைப்பெறுமானம்' ஆக்காதீர்கள்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மருமகள் போன கிழமை ஒரு கணக்கோடு வந்தாள். திருகோணமலைச் சல்லியில் ஒரு வள்ளத்தின் 30 நாள் மீன்பாடு: 0–10 கிலோ 4 நாள், 10–20 கிலோ 9 நாள், 20–30 கிலோ 10 நாள், 30–40 கிலோ 5 நாள், 40–50 கிலோ 2 நாள். இடை, அதாவது ஒரு நாளின் சராசரிப் பாடு, என்ன? அவள் எழுதிய விடை 25.

"எப்படிப் பிள்ளை வந்தது?"

"மாமா, இடைப்பெறுமானத்தைக் கூட்டி ஐந்தால் பிரித்தேன்."

ரியூசன் குறிப்பைப் பார்த்தேன். 0–10, 10–20 என்று போகும் ஒவ்வொரு வகுப்பின் நடுவையும் காட்டும் 5, 15, 25, 35, 45 என்ற நிரலின் தலைப்பு, 'நடுப்பெறுமானம்' என்று இருக்கவேண்டியது, 'இடைப்பெறுமானம்' என்றிருந்தது. இந்த மாதம் என் கண்ணில் படும் மூன்றாவது குறிப்பு இது.

வேர் பெரிய விஷயமில்லை. ஆங்கிலத்தின் மீன், மீடியன் இரண்டும் 'நடுவிலுள்ள' என்ற பொருள்தரும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. (மீன்பாட்டுக் கணக்கில் 'மீன்' வந்ததற்கு நான் பொறுப்பல்ல.) நம் பாடநூல்கள் முதலாவதை இடை என்றும், தரவை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மற்றதை இடையம் என்றும் பிரித்தன. இரண்டுமே தரவைப் பார்த்துச் சொல்பவை. வகுப்பின் நடுவோ தரவைப் பார்ப்பதே இல்லை. கீழெல்லையையும் மேலெல்லையையும் கூட்டி இரண்டால் பிரித்தால் முடிந்தது. அந்த வகுப்பில் நாலு நாள் இருந்தாலும் நாற்பது நாள் இருந்தாலும் அது மாறாது. அதனால்தான் அதற்கு 'நடு' என்ற வேறு சொல். அதற்கும் 'இடை' என்று பெயர் வைத்தால், இடையைக் காண இடையைப் பெருக்கு என்றல்லவா சொல்லவேண்டும்? ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை நாள் என்ற மீடிறனைப் பிள்ளை மறந்ததில் வியப்பில்லை.

சரியான வழி இது: ஒவ்வொரு நடுப்பெறுமானத்தையும் அதன் மீடிறனால் பெருக்கினால் 20, 135, 250, 175, 90. கூட்டுத்தொகை 670. அதை 30 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 22.3 கிலோ. குறைந்த பாடு கிடைத்த நாட்கள் அதிகம் என்பதால் இடை 25 க்குக் கீழே இறங்குகிறது.

22.3 உம் மதிப்பீடுதான். முதல் வகுப்பின் நாலு நாளும் உண்மையில் 6, 8, 9, 9 கிலோ என்றால் மொத்தம் 32. நாம் போட்டதோ 20. அந்த 12 கிலோவை 30 நாளுக்குப் பகிர்ந்தால் 0.4 கிலோப் பிழை. எவ்வளவு மோசமானாலும் பிழை வகுப்பகலத்தின் பாதியை, இங்கே 5 கிலோவை, தாண்டாது. 'நடுப்பெறுமானம்' என்ற சொல் இதை ஒளிக்காமல் காட்டுகிறது: அது வகுப்பின் நடு, வகுப்பின் இடை அல்ல. 'இடைப்பெறுமானம்' என்று எழுதினால், அந்த நாலு நாளின் உண்மையான இடை 5 என்று யாரோ கணக்கிட்டுத் தந்தது போலாகிவிடும்.

இந்தியாவிலிருந்து வரும் வீடியோக்களில் மீடிறன் நிகழ்வெண்ணாகவும் இடை கூட்டுச் சராசரியாகவும் இருக்கும். அவர்களுக்கு அது ஒழுங்கான தொகுதி, குறை சொல்லமாட்டேன். இரண்டு தொகுதியிலும் பாதி பாதி எடுத்து, மிச்சத்தை அகராதியில் தேடி ஒட்டுகிறார்களே, அவர்களோடுதான் எனக்குச் சண்டை. மருமகளின் குறிப்பில் அடுத்த பக்கத்தில் இடையத்துக்கும் 'நடுப்பெறுமானம்' என்றுதான் எழுதியிருந்தது.