ஸ்பாஞ்ச் காய்வதே இல்லை, அதுதான் பிரச்சினை

போன வாரம் எங்கள் வீட்டு சிங்க் ஓரத்தில் பத்து நாளாகக் கிடந்த பச்சை-மஞ்சள் ஸ்பாஞ்சைக் கத்தரியால் நடுவில் வெட்டிப் பார்த்தேன். மேலே பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது, சோப்பு போட்டுப் பிழிந்து வைத்ததுதானே. உள்ளே அப்படி இல்லை. மஞ்சள் நிறமே போய்ச் சாம்பல் பூத்திருந்தது, ஓட்டைகளின் சுவரில் வழவழவென்று ஒரு படலம், ஒரு மூலையில் சூடை மீனின் செதில் ஒன்று, பக்கத்தில் பாதி கரைந்த சோற்றுப் பருக்கை. மூக்கருகே கொண்டு போனால் மழைக்காலத்தில் காயாத துணிக்கு வரும் அதே வாடை. இதை வைத்துத்தான் தட்டும் டம்ளரும் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வாடைக்குக் காரணமான கிருமிக்குப் பெயர் உண்டு, மொராக்செல்லா ஓஸ்லோயென்சிஸ். ஜெர்மனியில் 14 வீட்டு ஸ்பாஞ்சுகளை எடுத்து ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட கட்டுரையில் அது முன்வரிசையில் இருந்தது. கிருமிகள் மிக நெருக்கமாக இருந்த இடங்களில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 5,400 கோடி வரை எண்ணினார்கள், அதாவது ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில். அவற்றில் பெரும்பாலானவை ஆரோக்கியமான ஆளை ஒன்றும் செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர், சூடு, சோற்றுத் துணுக்கு மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடத்தில் கிருமி பெருகாமல் எங்கே போகும்? பயப்பட வேண்டியது, அந்தக் கூட்டத்துக்குள் பச்சை மீனிலிருந்தும் கோழியிலிருந்தும் ஒரு கெட்ட கிருமி வந்து சேரும்போதுதான்.

அந்த ஆய்வில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறு ஒன்று. அடிக்கடி கிருமி போகச் சுத்தம் செய்கிறோம் என்று சொன்னவர்களின் ஸ்பாஞ்சில் கிருமிகள் குறையவில்லை, வாடை அடிக்க வைக்கும் அந்த வகையின் பங்கு கூடுதலாகவே இருந்தது. 14 ஸ்பாஞ்சு சின்ன எண்ணிக்கைதான், சுத்தம் செய்தோம் என்பதும் வீட்டுக்காரர்கள் சொன்னதுதான். ஆனாலும் ஏன் இப்படி ஆகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்கு மீன் கழுவிய தண்ணீர் ஸ்பாஞ்சில் பட்டு, ஆயிரம் கிருமிகள் உள்ளே போனதாக வைத்துக்கொள்வோம். நம் ஊர்ச் சூட்டில், ஈரத்தில், அரை மணிக்கு ஒரு முறை இரட்டிப்பாகின்றன என்றும் கொள்வோம் (நல்ல சாப்பாடு கிடைத்தால் சில வகை இதைவிட வேகம், கடல் உணவில் வரும் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் தோதான சூட்டில் பத்து நிமிடத்திலேயே இரட்டிப்பாகும்). இரவு பத்து மணிக்குள் பதினாறு முறை இரட்டித்து, ஆயிரம் என்பது ஆறரைக் கோடியாகிவிடும். இப்போது ஏதோ ஒரு முறையில் 99 சதவீதத்தைக் கொன்றுவிட்டோம். கேட்க நிறைவாக இருக்கிறது. மிச்சம் ஆறரை லட்சம், மறுபடி ஆறரைக் கோடியைத் தொட ஏழு முறை இரட்டித்தால் போதும், மூன்றரை மணி நேரத்துக்குள் பழைய கதை. 99.99 சதவீதத்தைக் கொன்றாலும் ஏழு மணி நேரம்தான் கிடைக்கும். அதுவும் ஈரமாகவே விட்டால்.

கொல்வதால் நமக்குக் கிடைப்பது சில மணி நேர அவகாசம், அந்த நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் கொன்றதற்குப் பலன் உண்டு. காயாவிட்டால் வீண் வேலை. அதனால் ராத்திரி எல்லா ஏனமும் கழுவி முடித்து, அடுப்படித் துணியைக் கொதிக்க வைத்து, பிழிந்து சிங்க் குழாய் மேலேயே போட்டுவிட்டுப் படுப்பதில் பயனில்லை, விடிவதற்குள் கூட்டம் திரும்பி வந்திருக்கும். காலையில் கொதிக்க வைத்து வெயிலில் போடுங்கள். பத்து மணி வெயிலில் மெல்லிய பருத்தித் துணி ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று ஆகிவிடும், எங்கள் பக்கத்து வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஸ்பாஞ்ச் அப்படிக் காயாது. மேல்தோல் காய்ந்தாலும் வயிற்றில் ஈரம் நிற்கும், வெயில் அந்த ஆழத்துக்கு எட்டாது.

கொதிக்க வைப்பதிலும் எல்லோரும் தவறும் இடம் ஒன்று உண்டு. எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே தண்ணீரில் போடக்கூடாது, முதலில் சோப்பு போட்டுக் கசக்கி அலசிவிட வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு ஐந்து நிமிடம் கணக்கு. ஸ்பாஞ்சுக்குள் காற்று இருப்பதால் மிதக்கும், மிதந்தால் மேல்பாதி வேகாது, அதனால் கரண்டியால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்ற வேண்டும், குமிழி நின்ற பிறகு ஐந்து நிமிடம். இத்தனை செய்தாலும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் தப்பிவிடலாம். அது சோற்றில் வரும் கிருமி, கொதிக்கிற தண்ணீரைத் தாங்கும்படி கெட்டித் தோலுக்குள் உறங்கக்கூடியது, ஈரமும் சூடும் கிடைத்தால் எழுந்து பெருகும். மைக்ரோவேவ் உள்ள வீடுகளில், சொட்டச் சொட்ட நனைத்த ஸ்பாஞ்சை முழு வேகத்தில் இரண்டு நிமிடம் வைப்பார்கள். காய்ந்த ஸ்பாஞ்சை வைத்தால் தீப்பிடிக்கலாம், கம்பி கலந்த ஸ்க்ரப்பரை வைக்கவே கூடாது.

இப்போது எங்கள் கடற்கரைக்கே உரிய ஒரு விஷயம். ராமநாதபுரத்தின் கரையோர ஊர்கள் பலவற்றில் வீட்டுப் போர் தண்ணீர் உப்பு. குடிக்கிற தண்ணீர் தனியாகத் தள்ளுவண்டியில் குடம் குடமாக வருகிறது, அதைக் கொண்டு துணி அலச யாருக்கு மனது வரும்? அதனால் கரித்துணியும் ஸ்பாஞ்சும் உப்புத் தண்ணீரிலேயே அலசப்படுகின்றன. அதில் இரண்டு விளைவு. அது கடினத் தண்ணீரும்கூட, அதில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளையாகத் திரிந்து நூலிழைகளில் ஒட்டிக்கொள்கின்றன, அந்தப் பசையில் எண்ணெயும் துணுக்கும் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, துணி காய்ந்தாலும் உப்பு துணியிலேயே நிற்கிறது. சாதா உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும், மெக்னீசிய உப்பு அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே. மதியம் மொறுமொறுவென்று எடுத்து மடித்த துணி சாயங்காலக் கடல்காற்றில் பிசுபிசுப்பது இதனால்தான்.

அந்தப் பிசுபிசுப்பு முழுக்கக் கிருமி அல்ல, இதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். உப்பு மட்டும் கசிந்து ஊறிய ஈரம் ரொம்ப அடர்த்தியான உப்புநீர், அதில் பெரும்பாலான கிருமிகள் பெருக முடியாது. நம் தோலிலிருந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகை உப்பை நன்றாகத் தாங்கும். ஆனால் பிரச்சினை வேறு: துணி காய்ந்ததா இல்லையா என்று கை வைத்துப் பார்த்துச் சொல்ல முடியாமல் போகிறது. பிரித்தறிய ஒரு வழி, உப்புப் பிசுபிசுப்பு விரலில் ஒட்டும், வாடை இருக்காது, நல்ல தண்ணீரில் ஒரு அலசில் போய்விடும். கிருமிப் படலம் வழுக்கும், வாடை இருக்கும், அலசினாலும் முழுசாகப் போகாது. அதனால் நான் செய்வது, எத்தனை முறை உப்புத் தண்ணீரில் கசக்கினாலும் கடைசி அலசுக்கு மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணீர். மெல்லிய துணி நாலைந்துக்கு அது போதும். ஸ்பாஞ்சுக்குப் போதாது, அது குடித்துவிட்டு மறுபடி கேட்கும்.

விப்ரியோவை மேலே சொன்னேன் அல்லவா, அது கடல் கிருமி, வாழ உப்பு வேண்டும், நன்னீர் பட்டாலே தளர்ந்துபோகும், காய்ந்தால் சீக்கிரம் செத்துவிடும். பச்சை நண்டும் கணவாயும் அலசிய பலகையை உப்புத் தண்ணீரில் நனைந்த துணியால் துடைத்து, அதை ஈரமாகவே சுருட்டி வைத்தால், அதற்குப் பிடித்த இடத்தை நாமே செய்து கொடுத்ததாகிவிடும். மீன் வெட்டிய அரிவாள்மனையையும் திட்டையும் ஸ்பாஞ்சால் தொடவே தொடாதீர்கள். முதலில் பழைய செய்தித்தாளால் செதிலையும் தண்ணீரையும் வழித்தெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, அப்புறம் சோப்பும் தேங்காய் நாரும்.

நாரைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி என் ஸ்பாஞ்சைப் பார்த்துச் சொன்னது ஞாபகம் வருகிறது. “நார் தேஞ்சா தூக்கி எறிஞ்சுட்டு இன்னொரு மட்டைய உரிப்போம் தாயி, இதை ஏன் இத்தனை நாள் வச்சுக்கிட்டுக் கெடக்கீக?” என்றார். அவர் கேட்டதில் அறிவியல் இருக்கிறது. நார்வேயின் நோஃபிமா ஆய்வு நிறுவனத்தில் ஸ்பாஞ்சிலும் பாத்திரம் தேய்க்கும் பிரஷ்ஷிலும் சால்மோனெல்லா என்ற கெட்ட கிருமியை விட்டுப் பார்த்தார்கள். இரவெல்லாம் காயவிட்ட பிரஷ்ஷில் அது வெகுவாகக் குறைந்தது, ஸ்பாஞ்சில் நிலைத்து நின்றது. பிரஷ் திறந்த வடிவம், காற்றுப் புகும். நாரும் அப்படித்தான், உதறிப் பிரித்து ஆணியில் மாட்டினால் காய்ந்துவிடும். ஆனால் ஈரமாகவே சிங்க்குக்குள் கிடந்தால் நாரும் ஊறி அழுகும், மூன்று நாலு நாளில் மாற்றிவிட வேண்டும்.

எங்கள் வீட்டு நடைமுறை இப்போது இப்படி. ஸ்பாஞ்ச் வைத்தே தீருவேன் என்றால் ஒரு வாரம்தான் ஆயுள், அதற்கு முன்னே வாடை வந்தாலோ, உள்ளே வழுக்கினாலோ, பச்சை மீன், கோழி பட்டாலோ அன்றைக்கே குப்பைக்கு. ஒன்றை இரண்டாக வெட்டிக்கொண்டால் செலவும் தாங்கும். அப்பா கட்டிய பழைய வேட்டியைக் கிழித்துத் துண்டு துண்டாகப் போட்டிருக்கிறேன்: திட்டு துடைக்க ஒன்று, கை துடைக்க ஒன்று, சட்டி பிடிக்க ஒன்று. முதல் இரண்டும் தினமும் மாற வேண்டும், சட்டி பிடிக்கிற துணியால் வேறு எதையும் துடைக்கக் கூடாது. அழுக்கானதை வாளியில் ஊறப்போடுவதில்லை, ஊறப்போட்டால் அதுவும் ஈரம்தான், கொடியிலேயே விரித்துப் போட்டுவிடுவேன். புதனும் ஞாயிறும் காலையில் எல்லாவற்றையும் சேர்த்துத் தனிச் சட்டியில் ஐந்து நிமிடம். மீன் பட்ட துண்டு மட்டும் கிழமை பார்த்துக் காத்திருக்காது, அன்றைக்கே சோப்பு போட்டு அலசிக் கொடிக்குப் போகும், மறுநாள் காலையில் சட்டிக்குள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் வெயிலே இல்லாவிட்டால், அடுப்பு மேடைக்கு மேலே கட்டிய கயிற்றில் விரித்துப் போடுகிறேன், துண்டுகளையும் இன்னும் நாலு கூட்டிக்கொள்கிறேன்.