ஒரு சாண் தள்ளி வைத்தால் வேறு தசை: ஹிப் த்ரஸ்ட்டின் கணக்கு

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐந்து மாதமாக ஜிம்மில் ஹிப் த்ரஸ்ட் செய்கிறாராம். பாரில் 40 கிலோ வரை வந்துவிட்டார். "பிட்டத்துக்கான பயிற்சி என்கிறார்கள். எனக்கோ தொடையின் பின்பக்கம்தான் பிடித்து இழுக்கிறது. மறுநாள் கீழ்முதுகு வலிக்கிறது. பாதத்தை எங்கே வைப்பது, மேலே எதுவரை தூக்குவது என்று மாஸ்டரிடம் கேட்டால், முடிந்த மட்டும் தூக்குங்கள் என்கிறார்." கூடவே, பக்கவாட்டில் எடுத்த பத்து நொடி வீடியோ ஒன்றையும் அனுப்பியிருந்தார். அவருடைய இரண்டு கேள்விகளுக்கும் பதில் அந்த வீடியோவிலேயே இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தரையில் உட்கார்ந்து, தோள்பட்டை எலும்புகளின் கீழ் விளிம்பை பெஞ்சின் ஓரத்தில் சாய்த்துக்கொள்ள வேண்டும். பாரை அடிவயிறும் தொடையும் சேரும் மடிப்பில் வைத்து, அடியில் ஒரு பஞ்சுத் திண்டு கொடுக்க வேண்டும். பாதங்களைத் தரையில் ஊன்றி, உடலும் தொடையும் தரைக்குக் கிடையாக வரும்வரை இடுப்பை உயர்த்தி, மெல்ல இறக்க வேண்டும். அமெரிக்கப் பயிற்சியாளர் பிரெட் கான்ட்ரெராஸ்தான் இதை உலகம் முழுக்கப் பரப்பியவர். பிட்டத்தில் இருக்கும் பெரிய தசைதான் உடம்பிலேயே பெரியது. தொடையை உடலுக்கு நேராகப் பின்னே தள்ளுவது அதன் முக்கிய வேலை. உட்கார்ந்து எழுவதும் படியேறுவதும் அதன் தயவில்தான்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பார் சரியாக இடுப்பு மூட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. நெம்புகோல் கணக்கில், மூட்டின் மேலேயே உள்ள எடைக்கு அந்த மூட்டைத் திருப்பும் சக்தி கிடையாது. பிறகு எதை எதிர்த்துப் பிட்டத் தசை பாடுபடுகிறது? இதை நான் முதலில் யோசித்தபோது கொஞ்ச நேரம் திகைத்துத்தான் போனேன். விடை ஒரு வாய்க்கால் பலகையில் இருக்கிறது. இரண்டு கரையிலும் முனை ஊன்றிய பலகையின் நடுவில் ஒருவர் நின்றால், பலகை நடுவில்தான் வளையும். வளைப்பது நிற்பவரின் எடை மட்டுமல்ல, இரு கரைகளும் மேல்நோக்கிக் கொடுக்கும் தாங்குதலும்தான். ஹிப் த்ரஸ்ட்டின் உச்சியில் நம் உடம்பே அந்தப் பலகை. ஒரு கரை பெஞ்ச், மறு கரை பாதம். பலகையின் நடுவில் ஒரு கீல் இருக்கிறது, அதுதான் இடுப்பு மூட்டு. அந்தக் கீல் மடங்கிவிடாமல் அடியில் இழுத்துப் பிடித்திருக்கும் கயிறு பிட்டத் தசை.

வாசகியின் அளவையே எடுத்துக்கொள்வோம். முதுகு பெஞ்சில் படும் இடத்திலிருந்து இடுப்பு மூட்டு வரை 40 செ.மீ., இடுப்பிலிருந்து முழங்கால் வரையும் 40 செ.மீ. என்று வைப்போம். உச்சியில் அவருடைய கீழ்க்கால் செங்குத்தாக நின்றால், பாதம் நேராக முழங்காலுக்கு அடியில் இருக்கும். உடல் எடையை விட்டுவிட்டு பாரை மட்டும் பார்ப்போம். எடை சரிபாதியாகப் பிரிந்து பெஞ்ச் 20 கிலோ, பாதம் 20 கிலோ தாங்கும். இடுப்பை மடக்கப் பார்க்கும் திருப்புவிசை 20 பெருக்கல் 40, அதாவது 800 கிலோ-செ.மீ. தரையின் தாங்குதல் முழங்காலின் ஊடாகவே மேலே போவதால், முழங்காலைத் திருப்ப எதுவும் மிஞ்சுவதில்லை. சுமை முழுக்க இடுப்பில்.

இப்போது அதே பாதத்தை 10 செ.மீ. தள்ளி, உடம்பிலிருந்து விலக்கி வைப்போம். ஒரு கம்பில் குடத்தை மாட்டி இரண்டு பேர் தூக்கிப் போகும்போது குடத்திலிருந்து விலகி நிற்பவருக்குப் பாரம் குறையும் அல்லவா, அதுபோலப் பாதத்தின் பங்கு 20லிருந்து 18 கிலோவுக்குச் சற்றுக் கீழே இறங்கும். ஆனால் தூரம் 50 செ.மீ. ஆகிவிட்டதால் இடுப்பின் திருப்புவிசை ஏறத்தாழ 890 ஆகிறது. அப்படியானால் பிட்டத்துக்கு இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் ஒரு திருப்பம். பாதம் முழங்காலைத் தாண்டிப் போய்விட்டதால், தரை மேலே தள்ளும்போது முழங்கால் நீளப் பார்க்கிறது. 18 பெருக்கல் 10, சுமார் 180 கிலோ-செ.மீ. அதைத் தடுக்க முழங்காலை மடக்கும் தசை ஒன்று இழுத்தே ஆக வேண்டும். அந்த வேலை தொடையின் பின்பக்கத் தசைக்கு, ஜிம் பாஷையில் ஹாம்ஸ்ட்ரிங்குக்கு, வந்து சேர்கிறது.

ஹாம்ஸ்ட்ரிங்கின் பெரும்பகுதி முழங்காலில் மட்டும் நிற்பதில்லை, இடுப்பையும் தாண்டி உட்காரும் எலும்பு வரை போகிறது. முழங்காலில் அதன் பிடி அச்சிலிருந்து சுமார் 3 செ.மீ. என்றும் இடுப்பில் சுமார் 6 செ.மீ. என்றும் தோராயமாக வைத்துக்கொண்டால், முழங்காலைக் காக்க அது 60 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். அதே இழுப்பு இடுப்பில் 360 கிலோ-செ.மீ. வேலையையும் செய்துவிடும். 890லிருந்து அதைக் கழித்தால் மிச்சம் 530. பாதம் சரியான இடத்தில் இருந்தபோது 800 வரை இருந்த இடம் அது! மொத்தச் சுமை கூடியும் பிட்டத்துக்கு விட்டுவைக்கப்பட்ட பங்கு குறைந்துவிட்டது. உயிருள்ள உடம்பில் தசைகள் இவ்வளவு கறாராகப் பங்கு பிரித்துக்கொள்வதில்லை, தொடையின் உட்பக்கத் தசையும் கை கொடுக்கும். ஆனாலும் போகும் திசை இதுதான். வாசகியின் வீடியோவில் பாதம் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது. அவருக்கு ஏன் பின்தொடை பிடித்துக்கொண்டது என்பது புரிந்திருக்கும்.

முழங்கால் மடங்கியிருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இரண்டு மூட்டுகளைத் தாண்டும் ஹாம்ஸ்ட்ரிங், முழங்கால் மடங்கி இடுப்பும் நிமிரும்போது இரு முனையிலும் தளர்ந்து சுருங்கிவிடுகிறது. சுருங்கிய தசையால் பலமாக இழுக்க முடியாது. அந்த நிலையில் வலிந்து இழுக்கச் சொன்னால் அது பிடித்துக்கொள்ளவும் செய்யும். பிட்டத் தசைக்கோ முழங்கால் மடங்கினாலும் நீண்டாலும் கவலையில்லை.

பாதத்தை மிகவும் உள்ளே இழுத்தால் எதிர்ப்பக்கம் கெடும். தரையின் தாங்குதல் முழங்காலை இன்னும் மடக்கப் பார்க்கும், முன்தொடைத் தசை அதை எதிர்த்து நிற்க வேண்டியிருக்கும், இடுப்பின் திருப்புவிசையும் 690 அளவுக்குக் குறைந்துவிடும். முன்தொடை எரிந்தாலோ குதிகால் தரையைவிட்டுக் கிளம்பினாலோ பாதம் உள்ளே வந்துவிட்டது என்று பொருள்.

ஒன்றை மறக்காதீர்கள்: கீழ்க்கால் செங்குத்தாக இருக்க வேண்டியது உச்சியில்தான், தொடங்கும்போது அல்ல. இடுப்பு மேலே வரும்போது பெஞ்சிலிருந்து விலகி ஒரு வில் போல நகர்கிறது, முழங்காலையும் பாதத்தின் பக்கம் தள்ளுகிறது. கீழே உட்கார்ந்தபடியே செங்குத்தாக வைத்துக்கொண்டு தொடங்கினால், உச்சியில் முழங்கால் பாதத்தைத் தாண்டிப் போயிருக்கும். வெறும் உடம்போடு மேலே போய் நின்று, பாதத்தைச் சரிசெய்து, குதிகாலுக்குப் பின்னால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுவதுதான் நல்ல வழி.

அடுத்து, எங்கே நிறுத்துவது? வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். குப்புறப் படுத்து, ஒரு காலை நீட்டியபடியே தொடையைத் தரையிலிருந்து தூக்குங்கள். பிறகு அதே முழங்காலை மடக்கிக்கொண்டு தூக்குங்கள். இரண்டாவது முறை தொடை கொஞ்சம்தான் எழும்பும், அதற்குள் இடுப்பெலும்பு தரையைவிட்டுக் கிளம்பும். இடுப்பு மூட்டின் முன்புறம் ஒரு தடித்த தசைநார் இருக்கிறது. உடம்பின் தசைநார்களிலேயே வலிமையானது அது. தொடை உடலுக்குப் பின்னால் அதிகம் போகாதபடி அது பிடித்து நிறுத்துகிறது. நாம் அலுப்பில்லாமல் நெடுநேரம் நிற்க முடிவதே அதனால்தான். அதோடு முன்தொடைத் தசையின் ஒரு பகுதி இடுப்பெலும்பில் தொடங்கி முழங்காலைத் தாண்டுகிறது. முழங்காலை மடக்கினால் அது விறைத்து, தொடையை இன்னும் முன்பே நிறுத்திவிடும். ஹிப் த்ரஸ்ட்டில் முழங்கால் மடங்கித்தான் இருக்கிறது. ஆகவே தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே கோட்டில் வந்ததும் பெரும்பாலானவர்களுக்கு இடுப்பு மூட்டின் பாதை முடிந்துவிடுகிறது.

அதற்குப் பிறகும் பார் மேலே போகிறதே என்றால், போவது கீழ்முதுகு வளைவதால். இடுப்பெலும்பு முன்னோக்கிச் சாய்ந்து, முதுகெலும்பு பின்னோக்கி வளைந்து, பாரை இன்னும் சில சென்டிமீட்டர் உயர்த்தும். தொடைக்கும் இடுப்பெலும்புக்கும் இடையிலான கோணம் அப்படியே நிற்கும். பிட்டத் தசைக்கு அந்தச் சென்டிமீட்டர்களில் கூலி எதுவும் இல்லை, முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகள்தான் 40 கிலோவின் கீழ் ஒன்றோடொன்று நெருக்கப்படும். வீடியோவில் இதைக் கண்டுபிடிப்பது எளிது: கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் முன்முனைக்கும் இடைவெளி அதிகரித்தால், விலாக்கள் மேலே துருத்தினால், முதுகு வளைகிறது. வாசகியின் வீடியோவில் தலையும் கூரையைப் பார்த்துப் பின்னே தொங்கியது. முகவாயை நெஞ்சுப் பக்கம் இழுத்து, பார்வையை முழங்காலில் வைத்து, மூச்சை விட்டுக்கொண்டே விலாவைக் கீழிறக்கி எழுந்தால் வளைவு பெரும்பாலும் வராது.

இந்த முதுகு வலிக்காக அவர் வீட்டார் ஒருவரிடம் அழைத்துப்போய், இடுப்பெலும்பு விலகிவிட்டது என்று எண்ணெய் போட்டு உருவிவிட்டார்களாம். எனக்கு இதில் கோபமே வருகிறது. விபத்தில் அடிபட்டாலொழிய அந்த எலும்பு அப்படி விலகுவதில்லை. விலகியிருந்தால் அவரால் நடந்தே போயிருக்க முடியாது. வலி காலுக்கு இறங்கினாலோ மரத்துப்போனாலோ போக வேண்டிய இடம் மருத்துவரிடம்.

கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுவதும் ஒரு தவறு. இடுப்பு உயர உயர பெஞ்சுக்கும் இடுப்புக்கும் இடையிலான கிடைத்தூரம் கூடுவதால், உச்சியில்தான் திருப்புவிசை அதிகம். தசையும் அங்கே சுருங்கிப்போயிருக்கும். அதனால் எடை மிஞ்சினால் முதலில் பறிபோவது கடைசி நான்கு விரற்கடை. மேலே ஒரு நொடி அசையாமல் நிற்க முடிகிறதா என்பதே என் அளவுகோல். முடியாவிட்டால் அந்தச் சுற்று அதோடு முடிந்தது.

இந்தப் பயிற்சியை மந்திரமாகவும் எண்ண வேண்டாம். 2023இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பழகாத இளைஞர்களை இரு குழுவாகப் பிரித்து 9 வாரம் ஒரு குழுவை ஹிப் த்ரஸ்ட்டும் மற்றதை எடையோடு குந்தி எழும் ஸ்குவாட்டும் செய்யவைத்து, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பிட்டத் தசை இரு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்தது. முன்தொடை, உள்தொடைத் தசைகள் ஸ்குவாட்டில் கூடுதலாக வளர்ந்தன. தோலில் ஒட்டும் மின்முனைகள் காட்டும் துடிப்பை வைத்து எது அதிகம் வளரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. நாற்பது பேர்கூட இல்லாத ஆய்வு அது. தரையில் சம்மணமிட்டும் குந்தியும் பழகிய நம் இடுப்புகளுக்கு இதே கேள்வியைக் கேட்க, நம் உடற்கல்வித் துறைகளுக்கும் எம்.ஆர்.ஐ. நேரம் வாங்கும் அளவுக்கு யாராவது பணம் ஒதுக்க வேண்டும்.

வாசகிக்கு எழுதிய பதில் இரண்டே வரி: பாதத்தை ஒரு சாண் உள்ளே இழுங்கள், எடையை 30 கிலோவாக்கி உச்சியில் ஒரு நொடி நில்லுங்கள். மூன்று வாரம் கழித்துப் புதிய வீடியோ வந்தது. தரையில் சாக்பீஸ் கோடு தெரிந்தது, விலா எழும்பவில்லை. "படி ஏறினால் எங்கே வலிக்கிறது என்று இப்போது தெரிகிறது" என்று எழுதியிருந்தார்.