சர்வீஸுக்குக் கொடுத்த புளூடூத் ஸ்பீக்கர் வாரக்கணக்கில் கடையிலேயே கிடந்தால்: கடிதமும் அதன் பின்னால் உள்ள சட்டமும்

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டையிலோ டவுனிலோ ஒரு கடையில் புளூடூத் ஸ்பீக்கரைச் சர்வீஸுக்குக் கொடுக்கிறீர்கள். "பார்ட்ஸ் வரணும் அண்ணாச்சி, அடுத்த வாரம் வாங்க" என்கிறார்கள். அடுத்த வாரமும் அதே பதில்தான். கோபப்பட்டுச் சத்தம் போட்டாலும் கவுன்டரில் நிற்கும் பையன்தான் மாட்டுவான், ஸ்பீக்கர் வராது. இந்த இடத்தில் உதவுவது உரிமையாளர் பெயருக்கு எழுதும் ஒரு பக்கக் கடிதம்.

கடிதம் ஏன் வேண்டும்? சர்வீஸ் ஸ்லிப்பில் பெரும்பாலும் திருப்பித் தரும் தேதி இருக்காது. வேலையை முடிக்க நாள் குறிக்காவிட்டால் நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 46-ஆவது பிரிவு. எத்தனை நாள் நியாயம் என்பது அந்தந்த விவகாரத்தைப் பொறுத்தது. வாயால் கேட்டுக்கொண்டே இருந்தால் கடைக்காரர் "இப்பதானே கொடுத்தாங்க" என்று சொல்லிவிடலாம். எழுத்தில் ஒரு கெடு வைத்துவிட்டால் அந்தப் பேச்சு எடுபடாது.

அதே சட்டத்தில் இன்னொரு சங்கதி உண்டு. பழுது பார்க்கக் கொடுத்த பொருள் கடைக்காரரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள்தான், அவருக்குச் சொந்தமாகிவிடாது. தன் பொருளைப் போலவே கவனமாக வைத்திருக்க வேண்டும் (பிரிவு 151). உரிய நேரத்தில் திருப்பித் தராமல் அது அவர் தவறாக இருந்தால், அந்த நேரத்திலிருந்து பொருளுக்கு ஏற்படும் சேதத்துக்கும் அவரே பொறுப்பு (பிரிவு 161). ஸ்பீக்கர் விஷயத்தில் இது வெறும் ஏட்டுச் சட்டம் இல்லை. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்தால், மிச்சமிருக்கும் சார்ஜும் கசிந்து வோல்ட்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போய்விடும். அப்புறம் சார்ஜரைச் செருகினாலும் ஏறாது. சார்ஜிங் பின் மட்டும் ஆடுகிறது என்று கொடுத்த ஸ்பீக்கர், பேட்டரியும் செத்துத் திரும்பி வரும். "பேட்டரி போச்சு, தனிக் காசு" என்று கேட்டால், தாமதத்தால் வந்த சேதம் என்று சொல்ல உங்கள் கடிதத் தேதி வேண்டும்.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் ஒருவர் 2025 தீபாவளிக்கு முன்னால் 2,499 ரூபாய்க்கு ஓராண்டு வாரன்ட்டியோடு ஸ்பீக்கர் வாங்குகிறார். சார்ஜிங் பின் ஆடியதால், வாங்கிய கடையிலேயே சர்வீஸுக்குக் கொடுக்கிறார். கம்பெனிக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்கள். ஐந்து வாரம் கழித்து அவர் எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

தேதி: 11.05.2026

பெறுநர்: உரிமையாளர் அவர்கள், (கடையின் பெயர், முகவரி)

பொருள்: 06.04.2026 அன்று சர்வீஸுக்குக் கொடுத்த புளூடூத் ஸ்பீக்கரைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா, வணக்கம். தங்கள் கடையில் 18.10.2025 அன்று ரூ.2,499-க்கு (பில் எண்: ) வாங்கிய ஸ்பீக்கரை (மாடல்: , சீரியல் நம்பர்: ), சார்ஜிங் பின் பழுது காரணமாக 06.04.2026 அன்று தங்கள் சர்வீஸ் கவுன்டரில் ஒப்படைத்தேன். ஸ்லிப் எண்: . கொடுக்கும்போது பாட்டு ஓடியது, பேட்டரி வேலை செய்தது, உடைசல் எதுவும் இல்லை. வாரன்ட்டி 17.10.2026 வரை உள்ளது.

பலமுறை நேரில் வந்தும் உதிரிபாகம் வரவில்லை என்ற பதிலே கிடைத்தது. ஸ்பீக்கர் கம்பெனிக்கு அனுப்பப்பட்டிருந்தால், அனுப்பிய தேதியையும் கூரியர் ரசீது எண்ணையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் ஸ்பீக்கரைக் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். இயலாவிட்டால் அதே மாடலில் வேறொன்றோ, செலுத்திய தொகையோ தர வேண்டும். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நடவடிக்கை எடுப்பேன்.

இணைப்பு: பில், ஸ்லிப் நகல்கள்.

(கையொப்பம், பெயர், முகவரி, செல் எண்)

இதில் மூன்று வரிகளை விட்டுவிடக் கூடாது. சீரியல் நம்பர் இருந்தால்தான் வேறொரு பழைய பீஸைக் கையில் திணிக்க முடியாது. கொடுத்தபோது இருந்த நிலை பேட்டரி வாதத்துக்குத் தேவை. கூரியர் எண் கேட்கும் வரிக்குத்தான் வேலை அதிகம். உண்மையில் அனுப்பாமல் உள்ளேயே கிடந்த ஸ்பீக்கர்கள் இந்த ஒரு கேள்விக்குப் பிறகு கிளம்பிப் போவது உண்டு. நேரில் அண்ணாச்சி என்று கூப்பிட்டுப் பழகியவருக்கு இப்படி எழுதக் கூச்சமாக இருக்கும்தான். மரியாதையாக எழுதுங்கள், ஆனால் தேதியில் மட்டும் குழைய வேண்டாம். ஒரு லட்சம் நஷ்டஈடு என்று மிரட்டவும் வேண்டாம். 2,499 ரூபாய் ஸ்பீக்கருக்கு அது எடுபடாது.

ஒரிஜினல் ஸ்லிப்பைக் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் போதும். கடிதத்தை நேரில் கொடுத்தால், இன்னொரு பிரதியில் சீலும் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபாலில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். மறுத்துத் திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள், அதுவே ஆதாரம்.

வாரன்ட்டி முடிந்த ஸ்பீக்கர் என்றால் கதை வேறு. புதியது கேட்க முடியாது. ஒப்புக்கொண்ட கூலிக்குச் சரிசெய்து தா, இல்லையென்றால் கொடுத்த நிலையிலேயே திருப்பிக் கொடு என்றுதான் கேட்கலாம். உண்மையிலேயே வேலை முடித்திருந்தால், கூலி தரும்வரை பொருளைப் பிடித்துவைக்கும் உரிமை கடைக்காரருக்கு உண்டு (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 170). வேலையே செய்யாதவருக்கு அந்த உரிமை இல்லை. வாரன்ட்டியில் பார்ப்பது இலவச சேவை, அதற்குச் சட்டம் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். இலவச சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பது சரிதான். ஆனால் வாரன்ட்டி அப்படி இலவசம் இல்லை, அதற்கான காசு ஸ்பீக்கர் விலையிலேயே போய்விட்டது.

பதினைந்து நாள் தாண்டியும் அசையவில்லையா? முதலில் 1915-க்கு அழைத்து, தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள். அவர்கள் கடையிடமும் கம்பெனியிடமும் பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள், உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. உத்தரவு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக வேண்டும். e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. கம்பெனிதான் தாமதித்தது என்று கடை சொல்லியிருந்தால் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நழுவுவார்.

கடை நாகர்கோவிலில் இருந்தாலும், நீங்கள் குடியிருப்பது கல்லிடைக்குறிச்சி என்றால் திருநெல்வேலி ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் தந்த வசதி இது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பரிசோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அதைவிட நாள் பிடிக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

கடிதம் போனதுமே "வந்து வாங்கிக்கோங்க" என்று போன் வந்தால், போய் அங்கேயே சார்ஜ் போட்டு, சீரியல் நம்பர் பார்த்து, கொஞ்ச நேரம் பாட்டு ஓடவிட்ட பிறகே ஸ்லிப்பைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போடுங்கள்.